ஏறாத வளையல்

கோவில்பதாகை கிராமத்திலும் அதைச் சுற்றியும் இருந்த கர்ப்பிணிகள் அத்தனை பேரும் அரசாங்கத்தின் பார்வையில் கஸ்தூரியின் சொத்து. இவ்வளவு சொத்து உள்ளவளுக்கு இருக்க வேண்டிய களை மட்டும் அவள் முகத்தில் இல்லை. கிராம சுகாதாரச் செவிலியர் என்ற நீண்ட பதவி, அந்தப் பதவிப் பெயர்ப் பலகையே வாசலை அடைத்துக்கொள்கிற அளவுக்குச் சிறிய துணை சுகாதார நிலையம், வார் தைத்த செருப்பு, தோளைக் கீழே இழுக்கும் தோல் பை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து, ஆவடித் தொழிற்சாலைக்காரரைக் கட்டிக்கொண்டு குவார்ட்டர்ஸுக்கு வந்தவள். கணவருக்கு ஷிப்ட் முடிந்தால் சங்கு ஊதும். அவளுக்கு ஊத ஆளில்லை.

அது தொண்ணூற்றைந்தாம் வருஷம். பெண்ணுக்குப் பதினெட்டு வயதாகாமல் கல்யாணம் செய்யக் கூடாது என்று சட்டம் இருந்தது. மக்கள் சட்டத்தை மதிக்கிறவர்கள். எனவே அந்தப் பக்கத்துப் பெண்களுக்கு வருஷத்துக்கு ஒரு வயது என்று கூடுவதில்லை. தாலி ஏறுகிற காலையில் மொத்தமாக மூன்று வயது கூடிவிடும்.

அப்படிக் கூடியவர்களில் ஒருத்திதான் பேபி. வேப்பம்பட்டிலிருந்து தேவராஜைக் கட்டிக்கொண்டு வந்தவள். தேவராஜுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலை. அவன் அம்மா பஞ்சவர்ணம் ஒரு காலத்தில் நாற்று நட்டவள். வயலெல்லாம் பிளாட்டான பிறகு திருமழிசையில் ஒரு கம்பெனியில் கூட்டிப் பெருக்கிவந்தாள்.

முதன்முதலில் பேபியைப் பார்த்தபோது கஸ்தூரி வயதைக் கேட்டாள்.

"பத்தொம்போது" என்றாள் பஞ்சவர்ணம், கண்ணை இமைக்காமல்.

"நான் அவளைக் கேட்டேன்."

பேபி மாமியாரைப் பார்த்தாள். "பத்தொம்போதுதான் அக்கா. போன வருசம் ஒம்பதாவதுல பெயிலாயிட்டேன்."

அரசாங்கப் பள்ளிக்கூடங்களின் தரம் குறித்து யாருக்கும் கவலை எழுந்ததாகத் தெரியவில்லை. கஸ்தூரி பேபியின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே சிவப்பு இருக்க வேண்டிய இடம் பழைய வேட்டி நிறத்தில் இருந்தது. சுவரோரம் நிறுத்தி உயரம் பார்த்தாள். அதுவும் குறைவு.

"பஞ்சவர்ணம், இந்தப் பொண்ணு இன்னும் வளர்ற பொண்ணு. இதுக்கே சோறு பத்தல. உள்ள இன்னொண்ணு வந்து பங்கு கேக்குது. ரத்தம் இல்ல, இடுப்பெலும்பு இன்னும் அகலல. இந்த வயசுல பிரஷர் ஏறும், மாசம் நிறையறதுக்கு முன்னாடியே வலி வரும், பிள்ளை எலிக்குஞ்சாட்டம் பொறக்கும். அதனால மாசா மாசம் நான் பாக்கணும், பூந்தமல்லிக்குக் கூட்டிட்டுப் போய் டாக்டர்கிட்டயும் காட்டணும். வழக்கமா திங்கிறதுக்கு மேல இன்னொரு வேளை திங்கட்டும். முட்டை, கீரை, கடலை, எது முடியுதோ அது."

பஞ்சவர்ணம் பொறுமையாகக் கேட்டாள். ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இடுப்பு சின்னதுன்னு நீயே சொல்ற. நல்லா துன்னா புள்ள பெருசாயிடுமே, அப்பால எப்புடி வெளிய வரும்?"

இந்தக் கொள்கைப்படி பேபிக்கு இரண்டு வேளைச் சோறு. அதிலும் கடைசிப் பந்தி. பிள்ளையைச் சின்னதாக வளர்த்துச் சுலபமாக இறக்கிவிடுவது என்பது பஞ்சவர்ணத்தின் திட்டம். சின்னப் பிள்ளை சுலபமாக இறங்கும், சுலபமாகப் போயும் சேரும் என்று கஸ்தூரி எத்தனையோ வீட்டில் சொல்லி அலுத்திருந்தாள். இங்கேயும் சொன்னாள்.

இரும்புச் சத்து மாத்திரை கொடுத்தாள். அடுத்த மாதம் வந்தபோது அது சாமி படத்துக்குப் பக்கத்தில் விபூதித் தட்டில் இருந்தது. குங்குமப் பொட்டு வைக்காதது ஒன்றுதான் குறை. அரசாங்கத்தின் மாத்திரைக்கு இவ்வளவு மரியாதை வேறு எங்கும் கிடைத்திருக்காது. விழுங்கத்தான் யாரும் இல்லை.

"அது துன்னா புள்ள கறுப்பா பொறக்கும்னு சொல்றாங்கோ" என்றாள் பஞ்சவர்ணம். சொன்னவள் நல்ல கறுப்பு.

"உங்க அம்மா மாத்திரை சாப்பிட்டாங்களா?" என்று கேட்டாள் கஸ்தூரி.

தேவராஜ் சிரித்துவிட்டான். அன்றிலிருந்து ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையைத் தன் கையால் கொடுக்கும் பொறுப்பை அவன் ஏற்றுக்கொண்டான். டீயோடு கொடுக்காதே, சத்து உடம்பில் ஒட்டாது என்று சொன்னதையும் கேட்டுக்கொண்டான். தடுப்பூசி இரண்டும் போட்டாயிற்று. கஸ்தூரிக்கு அந்த மாதத்தில் கிடைத்த ஒரே வெற்றி அது. மேலிடத்தில் அதற்கு மார்க் கிடையாது. மேலிடம் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு எத்தனை பேரைப் பிடித்தாய் என்றுதான் கேட்கும். பிறந்தவர்களைவிடப் பிறக்காதவர்கள்மீது அரசாங்கத்துக்கு அக்கறை அதிகம்.

ஆறாம் மாதம் பார்க்கப் போனபோது பேபியின் கணுக்காலில் வீக்கம் இருந்தது. விரலால் அழுத்தினால் குழி விழுந்தது. கால் வீக்கம் கர்ப்பிணிகளில் பாதிப் பேருக்கு வருவதுதான். ஆனாலும் பிரஷர் பார்த்துவிட்டால் நிம்மதி. பார்க்கலாம் என்றால் பிரஷர் கருவியின் ரப்பர் குமிழ் கிழிந்துபோயிருந்தது. அமுக்கினால் பெருமூச்சு விட்டது. புதுக் குமிழ் கேட்டு அனுப்பியிருந்தாள். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள்.

"இந்த வாரமே பூந்தமல்லிக்குக் கூட்டிட்டுப் போய் பிரஷர் பாருங்க" என்று சொல்லிவிட்டு வந்தாள். வெயில். அன்று இன்னும் பல வீடு பாக்கி இருந்தது. போனார்களா என்று கேட்கத் திரும்பவும் அந்தத் தெருவுக்கு நடக்க அவள் கால்கள் ஒப்பவில்லை. அவர்கள் போகவில்லை. வளைகாப்புக்குப் புடவை எடுக்கப் போனார்கள்.

ஏழாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வளைகாப்பு. கஸ்தூரிக்கும் அழைப்பு. புதுக் குமிழ் அந்த வாரம்தான் வந்திருந்தது என்றாலும், பையை எடுக்காமல் பட்டுப்புடவையில் போனாள். ஒரு நாளாவது யாருடைய வயிற்றையும் தொடாமல் தன் வயிற்றை மட்டும் கவனிப்பது என்று முடிவு செய்திருந்தாள். புளியோதரை வாசனை தெருமுனை வரை வந்து வரவேற்றது. வாசலில் ஒரு வேன் நின்றது. வளையல் போட்டு முடித்ததும் பெண்ணைத் தாய் வீட்டுக்கு, வேப்பம்பட்டுக்கு, ஏற்றிக்கொண்டு போகத் தயாராக இருந்தது.

மணையில் பேபி. எதிரே வளையல்காரர் கஜபதி. ஒரு வாரம் முன்னால் வந்து பேபியின் கையை அளவெடுத்து, அந்த அளவில் கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தார். சந்தனம் பூசி, விரல்களைக் குவித்து, முதல் வளையலை ஏற்றினார். கட்டைவிரல் மூட்டில் நின்றது. இன்னும் குவித்தார். நின்றது.

"அய்ய, அளவு தப்பா எடுத்துட்டியா நைனா?" என்றாள் ஒருத்தி.

கஜபதிக்குச் சுருக்கென்றது. "எங்க தாத்தா காலத்துலேர்ந்து கை புடிக்கிறோம்மா. அளவு தப்பல. கைதான் மாறிக்கீது."

"பூரிச்சிக்கிறா!" என்றாள் பஞ்சவர்ணம் பெருமையாக. "மூஞ்சப் பாரு, பூரியாட்டம்! எங்க ஊட்டு சோறு."

பேபியின் அம்மா வேம்புலியம்மாளுக்கு ஆனந்தக் கண்ணீர். மகளின் கன்னத்தை வழித்துத் திருஷ்டி கழித்தாள். கூட்டமே மகிழ்ந்தது. கஜபதி அடுத்த அளவை எடுத்தார், அதற்கும் அடுத்ததை எடுத்தார். ஒருவழியாக வளையல்கள் ஏறின. ஏறியவை மணிக்கட்டில் ஒலிக்காமல் சதையோடு ஒட்டி நின்றன.

கஸ்தூரி இலையின் முன் உட்கார்ந்திருந்தாள். புளியோதரை விழுந்தாயிற்று. கை வைக்கப் போனவள் பேபியின் முகத்தைப் பார்த்தாள். இரண்டு வேளை, கடைசிப் பந்திச் சோற்றில் இப்படிப் பூரிக்க முடியாது. கண்ணிரப்பை வீங்கி, கண் சிறுத்திருந்தது. கால் வீங்கினால் சும்மா இருக்கலாம். ஒரு வாரத்துக்குள் கையும் முகமும் வீங்கினால் சும்மா இருக்க முடியாது. அவள் எழுந்து மணைக்கருகில் போய்க் குனிந்தாள்.

"தலை வலிக்குதா பேபி?"

"ரெண்டு நாளா அக்கா. மண்டைய புளக்குது. சொன்னா திட்டுவாங்கன்னு..."

"கண்ணு?"

"மின்மினிப் பூச்சியாட்டம் பறக்குது. அது வெளக்குன்னு நெனச்சேன்."

கஸ்தூரி விடுவிடுவென்று வெளியேறினாள். இலையில் சோறு அப்படியே கிடந்தது. முன்வரிசையில் உட்கார வைக்காததால் நர்ஸம்மாவுக்குக் கோபம் என்று கூட்டம் தீர்ப்பளித்தது. பஞ்சவர்ணம் வாசல் வரை ஓடிவந்து, "இன்னா நர்ஸம்மா, துன்னாம போறியே, நாங்க இன்னா தப்பு பண்ணோம்!" என்று கத்தினாள்.

கஸ்தூரி பையோடு திரும்பி வந்தாள். பட்டுப்புடவை வியர்வையில் நனைந்திருந்தது. பேபியை உள்ளறையில் உட்கார வைத்து, வளையல்களுக்கு மேலே புஜத்தில் பட்டையைச் சுற்றினாள். நூற்று அறுபதுக்கு நூற்றுப் பத்து. நம்பாமல், சற்று ஓய்வு கொடுத்து மறுபடி பார்த்தாள். பாதரசம் பிடிவாதமாக அங்கேயே நின்றது. பிறகு பேபியைக் கொல்லைக்கு அனுப்பிச் சிறுநீர் பிடித்து வரச் சொல்லி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, ஸ்பிரிட் விளக்கில் காய்ச்சினாள். தெளிவாக இருந்தது கொதித்ததும் கலங்கியது. ஆசிட் சில சொட்டு விட்டாள். கலங்கல் கலையவில்லை; முட்டை வெள்ளைக்கரு வெந்த மாதிரி திரிந்து நின்றது.

கதவிடுக்கில் எட்டிப் பார்த்த பெண்கள் மந்திரிப்பு ஏதோ நடப்பதாக நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

"உடம்புல இருக்க வேண்டிய சத்து சிறுநீர்ல போகுது. பிரஷர் எகிறிக் கிடக்கு" என்றாள் கஸ்தூரி. "இது பூரிப்பு இல்ல பஞ்சவர்ணம். இப்பவே பெரியாஸ்பத்திரி. இன்னும் ஏறினா வலிப்பு வரும். வலிப்பு வந்தா பொண்ணும் பிள்ளையும் ரெண்டும் போயிடும்."

"தோ பாரு நர்ஸம்மா, அபசகுனமா பேசாத. வளையல் போட்ட பொண்ணு நேரா ஆஸ்பத்திரிக்கிப் போவுமா? நல்ல நேரத்துல தாய் ஊட்டுக்குத்தான் போவணும். அங்க நல்லா படுத்துக்கினு இருக்கட்டும். நாளைக்கி பாக்கலாம்."

"எங்க ஊட்டு பக்கம் ஒரு ஆயா கீது, கை ராசிக்காரி" என்றாள் வேம்புலியம்மாள் ஆறுதலாக.

கஸ்தூரிக்குக் கத்தத் தெம்பில்லை. சுவரில் சாய்ந்துகொண்டாள். எல்லா வீட்டிலும் இதே பேச்சு, இதே 'நாளைக்குப் பார்க்கலாம்'. அந்த 'நாளைக்கு' விடிந்த பிறகு அவள் போய்ப் பார்த்த வாசல்களில் இப்படிப் புளியோதரை மணந்ததில்லை.

"சரி. நல்ல நேரத்துல வீட்டை விட்டுப் பொறப்படணும், அவ்வளவுதானே? பொறப்படுவோம். இதே வேன். ஆரத்தி எடு, தேங்காய் உடை, எல்லாம் பண்ணு. வண்டி எந்தப் பக்கம் திரும்பணும்னு பஞ்சாங்கத்துல போட்டிருக்கா?"

பஞ்சவர்ணம் யோசித்தாள். போட்டிருப்பதாக அவளுக்கு நினைவில்லை. அதற்குள் தேவராஜ் வேனின் முன்கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டான். "எம்மா, வேப்பம்பட்டு எங்கயும் ஓடிடாது. நர்ஸக்கா சொல்றமாரி போலாம். நான் சொல்றேன்."

இப்படியாக, பட்டணத்துப் பெரிய பிரசவ ஆஸ்பத்திரிக்கு ஒரு வளைகாப்பு ஊர்வலம் போய்ச் சேர்ந்தது. பேபி இடப்பக்கம் ஒருக்களித்து, கஸ்தூரியின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். இரண்டு சம்பந்திகள், சந்தனக் கிண்ணம், சோற்றுக் குண்டான்கள், கூடவே கஜபதி. அவர் ஏன் வருகிறார் என்று யாருக்கும் தெரியவில்லை. கை மாறியதைப் பார்த்த முதல் ஆள் என்ற முறையில் அவருக்கு விஷயம் முடியும் வரை விட மனமில்லை.

அவர் வந்தது நல்லதாகப் போயிற்று. கையில் ஊசிக்குழாய் ஏற்ற வேண்டும், வளையலைக் கழற்று என்றாள் வார்டு நர்ஸ். கழலவில்லை. உடைக்கிறேன் என்று கத்தரிக்கோலின் பிடியை ஓங்கினாள்.

பஞ்சவர்ணம் மார்பில் அடித்துக்கொண்டாள். "எம்புள்ள குத்துக்கல்லாட்டம் நிக்கிறான்! அவன் உசிரோட இருக்கசொல்லோ பொண்டாட்டி கை வளையல உடைப்பியா நீ?"

தேவராஜ் தான் உயிரோடு இருப்பதை நிரூபிக்க முன்னால் வந்து நின்றான். கஜபதி சோப்பும் தண்ணீரும் கேட்டார். பேபியின் கையை உயர்த்திப் பிடித்து, நுரை தடவி, விரல்களைக் குவித்து, ஒவ்வொன்றாக உருவினார். ஒரு கீறல் இல்லை. வார்டே வேடிக்கை பார்த்தது. கடைசி வளையல் வந்ததும் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "போடறதுதான்மா தொழிலு, கழட்டறது இன்னிக்கித்தான்" என்றார்.

டாக்டர் பத்மா இளையவர்; அவருக்கும் தூக்கம் பாக்கி இருந்தது. பேபியைப் பார்த்துவிட்டு வயதைக் கேட்டார். பத்தொம்போது என்று பஞ்சவர்ணம் ஆரம்பிக்க, கஸ்தூரி, "பதினாறு, டாக்டர்" என்றாள்.

"முதல் பிள்ளை, அதுவும் இந்த வயசு. இதுங்களுக்குத்தான் இது பாய்ஞ்சு வருது" என்றார் டாக்டர். "பிள்ளை வெளியே வந்தாத்தான் இது தீரும். ஆனா பிள்ளை இப்ப வெளியே வந்தா மூச்சு விடத் தெரியாது. அதனால ஒவ்வொரு நாளா இழுத்துப் பிடிப்போம். பிரஷருக்கு மாத்திரை, பிள்ளையோட நுரையீரலுக்கு ஊசி. பொண்ணு படுக்கையிலேயே இருக்கணும். தலைவலி கூடினாலும், கண் மங்கினாலும், நெஞ்சுக்குழிகிட்ட வலிச்சாலும், உடனே சொல்லணும். யாரும் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு வந்து நிக்கக் கூடாது."

கடைசி வாக்கியத்தை அவர் இரண்டு சம்பந்திகளையும் பார்த்துச் சொன்னார். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நாட்கள் இழுபட்டன. கஸ்தூரி ஓய்வு கிடைத்தபோதெல்லாம் மின்சார ரயிலில் நின்றபடி போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். இரண்டாம் வாரம் ஒரு மதியம் அவள் வார்டுக்குள் நுழையும்போது பேபி, "அக்கா, இங்க வலிக்குது" என்று நெஞ்சுக்குழியைக் காட்டினாள். கஸ்தூரி நர்ஸைக் கூப்பிடத் திரும்புவதற்குள் பேபியின் கண் மேலே செருகியது. உடம்பு விறைத்து வெட்டி வெட்டி இழுத்தது.

"காத்து கருப்பு புட்சிக்கிச்சு!" என்று அலறிய வேம்புலியம்மாள், இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை உருவி மகளின் கையில் திணிக்கப் போனாள். கஸ்தூரி அவளைத் தள்ளிவிட்டு, பேபியை இடப்பக்கமாகப் புரட்டிப் பிடித்தாள். வாயில் எதையும் வைக்கவில்லை. எச்சில் வழிய விட்டாள். அதற்குள் டாக்டரும் நர்ஸும் ஓடி வந்துவிட்டார்கள். மூக்கில் ஆக்சிஜன், வலிப்புக்கான ஊசி. அது வேப்பம்பட்டில் நடந்திருந்தால், வண்டி பிடிப்பதா பூசாரியைப் பிடிப்பதா என்று இன்னும் பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே பேச நேரமே இல்லை.

வலிப்பு நின்றது, பிரஷர் கொஞ்சம் இறங்கியது. இனிக் காத்திருக்க முடியாது என்று டாக்டர் சொல்லி, வயிற்றைக் கிழித்து எடுத்தார். பெண் குழந்தை. ஒன்றரைக் கிலோ. அழுகையா முனகலா என்று தெரியாத ஒரு சத்தம் போட்டது. ஏற்கெனவே ரத்தம் குறைந்த பேபிக்கு ஒரு பாட்டில் ரத்தம் ஏற்ற வேண்டியிருந்தது. லேத் பட்டறைக் கூட்டாளிகள் கொடுக்க வந்தார்கள், ஊசியைப் பார்த்து ஒருவன் மயங்கி விழுந்தான், மற்றவன் கொடுத்தான். அதற்குப் பிறகும் பேபிக்கு வலிப்பு வரலாம் என்று ஒரு நாள் முழுக்க ஊசியைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டு நர்ஸ்கள் பக்கத்திலேயே இருந்தார்கள்.

பஞ்சவர்ணம் கண்ணாடி வழியாகக் குழந்தையைப் பார்த்தாள். சின்னதாக இருக்க வேண்டும் என்று அவள் போட்ட திட்டம் அங்கே முழு வெற்றியோடு படுத்திருந்தது.

"இது பொயச்சிக்குமா நர்ஸம்மா?"

"சூடு குறையாம பாத்துக்கணும். தாய்ப்பாலைத் தவிர ஒண்ணும் கூடாது. உறிஞ்சத் தெரியலைன்னா பீய்ச்சிப் பாலாடையில கொடுக்கணும். தொடறவங்க கையைச் சோப்புப் போட்டுக் கழுவணும். சர்க்கரைத் தண்ணி, கழுதைப் பால்னு யாராவது கொண்டாந்தா..."

"கொண்டாந்தா நானே தொரத்திடுவேன்" என்றாள் பஞ்சவர்ணம்.

அவள் ஒப்புக்கொண்டால் தீவிரமாகவே ஒப்புக்கொள்கிறவள். பேபிக்கு மூன்று வேளையும் அதற்கு மேலும் சோறு வந்தது. முட்டை வந்தது. பேபி மறுத்தால், "உன்ன யாரு கேட்டா? பால் ஊறணும், துன்னு" என்று மிரட்டல் வந்தது. குழந்தையைத் தாயின் மார்போடு தோல் பட வைத்துக் கட்டிவிடச் சொன்னார்கள். பேபி அதைச் சேலைக்குள் வைத்துக்கொண்டு, மூச்சு வருகிறதா என்று நிமிஷத்துக்கொரு முறை குனிந்து பார்ப்பாள். குழந்தைக்கு ஒரு முறை மூச்சு நின்று, நர்ஸ் பாதத்தைச் சுண்டியதும் திரும்பியது. அதிலிருந்து பேபி தூங்குவதையே விட்டுவிட்டாள்.

வீட்டுக்கு அனுப்புகிற நாள் வந்தது. டாக்டர் பத்மா தேவராஜை நிற்க வைத்துச் சொன்னார்: "இரும்பு மாத்திரை தொடரணும். பிரஷர் திரும்பப் பாக்கணும். அடுத்த பிள்ளை மூணு வருஷத்துக்கு வேண்டாம். இவ உடம்பு முதல்ல வளரட்டும். அடுத்த தடவை நாள் தள்ளிப்போனதுமே இங்க வரணும். இது மறுபடியும் வரலாம்."

"மூணு வருசமா?" என்றாள் பஞ்சவர்ணம். "ஒரு பேரன்..."

"எம்மா." தேவராஜ் அவ்வளவுதான் சொன்னான். பிறகு டாக்டரிடம் மெதுவாக, "அதுக்கு இன்னா பண்ணணும்னு சொல்லுங்க, நான் பண்றேன்" என்றான். டாக்டர் அவனைத் தனியாக அழைத்துப் போய் விளக்கினார். திரும்பி வந்தபோது அவன் காதுவரை சிவந்திருந்தான். ஆனால் தலையாட்டினான்.

டிஸ்சார்ஜ் சீட்டுக்காகத் தாழ்வாரத்து பெஞ்சில் காத்திருந்தார்கள். கஸ்தூரி சுவரில் சாய்ந்து கண்ணை மூடினாள். மறுநாள் காலையில் பார்க்க வேண்டிய வீடுகள் வரிசையாக வந்து போயின. அதில் இன்னொரு பத்தொம்போதும் இருந்தாள்.

"அக்கா" என்றாள் பேபி பக்கத்திலிருந்து. "செத்த நேரம் இத்த புடிச்சிக்கிறியா? மூச்சு பாத்துக்கினே இருப்பியா? நான் தூங்கணும்."

கஸ்தூரி கையைக் கழுவிவிட்டு வந்து குழந்தையை வாங்கித் தன் மார்போடு சேர்த்துப் போர்த்திக்கொண்டாள். இரண்டு கிலோவுக்கு வந்திருந்தது. சின்ன முதுகு ஏறி இறங்கியது. பேபி பெஞ்சிலேயே சுருண்டு, வாயைப் பிளந்து, பரீட்சை முடிந்த பெண் மாதிரி உடனே தூங்கிப்போனாள்.

சீட்டு வந்தது. வண்டி வந்தது. பஞ்சவர்ணம் எழுப்பக் குனிந்தாள்.

"எழுப்பாத" என்றாள் கஸ்தூரி. "வண்டி நிக்கட்டும்."